606-ல் தொடங்கினால் நம்ம ஊரா?

பணம் கட்டும் பக்கத்தில் ஆறு இலக்கம் கேட்கிறார்கள். அதற்குள் மாவட்டமும் இல்லை, சாலையும் இல்லை. திருவண்ணாமலையின் சிறு கடைகள் ஆன்லைனில் தடுக்கி விழும் இடம் அதுதான்.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் ஒரு பூஜைப் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு ஒரு இணையதளமும் உண்டு. "தீபத் தொகுப்பு" என்று ஒரு பெட்டி அதில் விற்பனைக்கு இருக்கிறது. அகல் விளக்குகள், திரி, விபூதி, ஒரு பொட்டலம் கற்பூரம், ஜவ்வாது மலைத் தேன் ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து 1 கிலோ 200 கிராம்.

ஒரே நாளில் மூன்று ஆர்டர்கள் வருகின்றன. ஒன்று விருத்தாசலத்துக்கு, ஒன்று கீழ்பென்னாத்தூருக்கு. மூன்றாவதைப் போட்டது சென்னை அண்ணா நகரில் இருக்கும் ஒரு பெண். பெட்டி போக வேண்டியது ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் இருக்கும் அவருடைய அப்பாவுக்கு. மூன்று பேரும் பணம் கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் மூன்றும் சிக்கலாகிவிட்டன.

விருத்தாசலத்துக்குக் கடை 40 ரூபாய்தான் டெலிவரிக் கட்டணம் வாங்கியது. கூரியர் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பில் போட்டது. கீழ்பென்னாத்தூர்க்காரர் போன் செய்து, "அண்ணே, பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல உங்க கடை வாசல்ல நிப்பேன். எனக்கு எதுக்கு 80 ரூபாய்?" என்று கேட்டார். மலைக் கிராமத்துப் பெட்டி ஊர் போய்ச் சேரவே இல்லை. வழியில் ஒரு கிடங்கில் நாலு நாள் கிடந்து கடைக்கே திரும்பி வந்தது. போன கூலியும் திரும்பிய கூலியும் கடைக்காரர் தலையில் விழுந்தன.

இந்தக் கடையும் இந்த மூன்று ஆர்டர்களும் கற்பனைதான். ஆனால் இதில் வரும் பின்கோடுகளும் ஊர்களும் நிஜம். முதல் இரண்டு ஆர்டர்களில் தப்பு எங்கே என்று தேடினால், கடைக்காரர் தன் தளத்தில் போட்டுவைத்த ஒரே ஒரு வரியில் போய் நிற்கும்: `606*`. அதாவது, 606-ல் தொடங்கும் பின்கோடு எல்லாம் நம்ம மாவட்டம், அதற்கு 40 ரூபாய்; தமிழ்நாட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் 80 ரூபாய்.

தபால்காரர் போட்ட கோடு

திருவண்ணாமலை நகரத்தின் பின்கோடு 606601. ரமணாசிரமம் பக்கம் 606603. கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் 606604. செங்கம் 606701, போளூர் 606803. இதையெல்லாம் பார்த்துப் பழகிய கடைக்காரருக்கு 606 என்றால் நம்ம மாவட்டம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் விருத்தாசலம் 606001. அது கடலூர் மாவட்டம். உளுந்தூர்பேட்டை 606107, கள்ளக்குறிச்சி 606202. இரண்டும் கள்ளக்குறிச்சி மாவட்டம். மறுபக்கம் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் 604601. வந்தவாசி 604408, செய்யாறு 604407, ஆரணி 632301. ஜமுனாமரத்தூரோ 635703, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் இருக்கும் 635 வரிசை அது. ஒரே மாவட்டத்துக்குள் நாலு வகைத் தொடக்கம். `606*` என்ற வரி உள்ளூர்க்காரரை வெளியே தள்ளிவிட்டு, வெளியூர்க்காரரை உள்ளே அழைத்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் நடப்புக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் பல எழுத்துக் கூட்டல்கள் என்று தபால் பிரிப்பவர்கள் திண்டாடியதற்குத்தான் அவர் வழி தேடினார். முதல் இலக்கம் நாட்டின் மண்டலம். தமிழ்நாடு, கேரளம், புதுவை, லட்சத்தீவு எல்லாம் 6. முதல் மூன்று இலக்கமும் சேர்ந்தால், எந்த இடத்தில் தபால் மூட்டை பிரிக்கப்படும் என்பது தெரியும். கடைசி மூன்றும் சேர்ந்தால் எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் என்பது தெரியும்.

மூட்டை எங்கே பிரிக்கப்படும் என்பதுதான் கணக்கு. கலெக்டர் யார், தாசில்தார் யார் என்பது அதில் வராது. அந்த எண்கள் வந்தபோது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1989 செப்டம்பர் 30-ல். கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது 2019-ல். மாவட்ட எல்லை மாறிக்கொண்டே வந்தது. தபால் எண் அப்படியே நின்றது.

ஒரு கேள்வி போதாது

பணம் கட்டும் பக்கத்தில் வாடிக்கையாளர் பின்கோடு அடிக்கிறார். "இங்கே அனுப்புவோமா, எவ்வளவு?" என்பதற்குத் தளம் பதில் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு கேள்வி. உள்ளே அது நாலு கேள்வி.

முதல் கேள்வி: இப்படி ஒரு எண் உண்டா? ஆறு இலக்கம், முதல் இலக்கம் சைபர் இல்லை என்பதைச் சோதிப்பது சுலபம். "606 601" என்று நடுவில் இடம் விட்டு அடித்தால், அந்த இடத்தை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தப்பு என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும். பின்கோட்டில் அப்படிச் சரிபார்க்கும் இலக்கம் கிடையாது. இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் எண் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். சில வேளை அது இன்னொரு ஊருக்கு உரிய நிஜ எண்ணாகவும் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, எண்ணை அடித்ததும் ஊர்ப் பெயரைக் காட்டுவது. "635703 – ஜமுனாமரத்தூர், சரிதானா?" என்று கேட்டால் அடித்தவரே கண்டுபிடித்துவிடுவார். அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியல் அரசின் data.gov.in தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி: கூரியர் அங்கே போகுமா? மலைக் கிராமத்து ஆர்டரில் நம் கடை தடுக்கி விழுந்தது இங்கேதான். அஞ்சலகம் இருக்கும் எண் எல்லாவற்றுக்கும் கூரியர் வண்டி போவதில்லை. கூரியர் நிறுவனங்கள் தனித்தனியாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலிலும் ஒரு எண்ணுக்கு எதிரே "உண்டு, இல்லை" என்று ஒரு பதில் மட்டும் இருக்காது. முன்பணம் கட்டிய பார்சல் போகுமா, வீட்டு வாசலில் பணம் வாங்க முடியுமா, அங்கிருந்து பார்சல் எடுக்க முடியுமா, வேண்டாம் என்றால் திரும்ப எடுத்து வர முடியுமா என்று நாலு பதில் இருக்கும். முதலாவது "உண்டு", இரண்டாவது "இல்லை" என்று வரும் ஊர்கள் நிறைய. தளம் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு "கேஷ் ஆன் டெலிவரி" பொத்தானைக் காட்டினால், பெட்டி பாதி வழியில் நிற்கும்.

மூன்றாவது கேள்வி: இந்தப் பொருள் அங்கே போகுமா? கற்பூரம் தீப்பற்றும் பொருள். ஆபத்தான சரக்குகளின் ஐ.நா. பட்டியலில் அதற்கு 2717 என்று தனி எண்ணே உண்டு. அதற்குரிய பொதிவும் அறிவிப்பும் இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாது. தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பவும் தடை. தரைவழி கூரியர் ஒப்புக்கொண்டால் மட்டும் போகும். ஆக, தீபத் தொகுப்பு வேலூருக்குப் போகலாம், அந்தமானுக்குப் போகாது. பின்கோட்டைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் பார்க்கும் தளத்துக்கு இது தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாலாவது கேள்வி: எவ்வளவு? அதற்குத் தனியாக வருவோம்.

இந்த நாலுக்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எந்தப் பின்கோடு? அண்ணா நகர்ப் பெண்ணின் ஆர்டரில் இரண்டு எண்கள் இருந்தன. பில் முகவரி 600040, பெட்டி போக வேண்டிய முகவரி 635703. கடையின் தளம் முதலில் அடித்த 600040-ஐ எடுத்துச் சோதித்துவிட்டு "அனுப்பலாம்" என்று பணம் வாங்கிவிட்டது. ஊருக்கு, உறவினருக்கு என்று பரிசாக அனுப்பும் ஆர்டர்களில் இந்தத் தப்பு எளிதில் நடக்கும். முகவரியை மாற்றிய ஒவ்வொரு முறையும், பணம் எடுப்பதற்கு முந்திய நொடியிலும், போகிற இடத்து எண்ணைக் கொண்டு சோதனை திரும்ப நடக்க வேண்டும்.

பெட்டியின் அளவும் காசுதான்

கட்டணம் இரண்டு விஷயத்தால் முடிவாகிறது: தூரம், எடை. தூரத்தை ஸ்பீட் போஸ்ட் படிகளாகப் பிரிக்கிறது: உள்ளூர், 200 கிலோமீட்டர் வரை, 500 வரை, 1000 வரை, 2000 வரை, அதற்கு மேல். கூரியர்கள் பெரும்பாலும் நகருக்குள், மாநிலத்துக்குள், பெருநகருக்குப் பெருநகர், மற்ற இடங்கள் என்று பிரித்து, வடகிழக்கு மாநிலங்களையும் காஷ்மீரையும் தனியாக வைக்கின்றன.

எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. தராசு காட்டும் எடை, பெட்டி அடைக்கும் இடத்தின் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். இடத்தின் எடையைக் கணக்கிட, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். நம் தீபத் தொகுப்பை 30 × 20 × 15 அளவுப் பெட்டியில் போட்டால் 9000. 5000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. தராசில் 1.2 கிலோதான். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கணக்கிடும் கூரியர் 2 கிலோவுக்குப் பில் போடும். அதே பொருளை 25 × 18 × 12 பெட்டிக்குள் அடக்கினால் 1.08 கிலோ வருகிறது. அப்போது தராசு எடைதான் அதிகம், பில் 1.5 கிலோவுக்கு. வாடிக்கையாளரிடம் ஒரு எடைக்கு வாங்கி, கூரியருக்கு வேறு எடைக்குக் கட்டும் கடைகள் பின்கோட்டைக் குறை சொல்லும். தப்பு அட்டைப்பெட்டியில் இருக்கும்.

கட்டணத்தை எப்போது சொல்வது என்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரிக் கட்டணம் உள்ளிட்ட பிரிவுகளோடும் காட்ட வேண்டும். முதலில் குறைந்த விலை காட்டி, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சொட்டுவதை, 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டி நெறிகள் தடைசெய்த 13 ஏமாற்று வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. எனவே பின்கோட்டைக் கேட்க வேண்டிய நல்ல இடம் பொருளின் பக்கமே. கடைசிப் பக்கத்தில் நடப்பது அதை உறுதிசெய்யும் இரண்டாவது சோதனையாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு வரியைத் திருத்துவோம்

நம் கடைக்காரர் தளத்தை வூகாமர்ஸில் கட்டியிருக்கிறார் என்று கொள்வோம். சிறு கடைகள் பலவற்றில் இருப்பது அதுதான். அதில் மண்டலங்களை மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் எண்ணுக்கு முதலில் பொருந்தும் மண்டலத்தோடு தேடல் நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைத் தளம் பார்க்காது. `606*` என்றால் 606-ல் தொடங்கும் எல்லாம். மூன்று புள்ளி வைத்தால் "இதிலிருந்து இதுவரை". திருத்திய அடுக்கு இப்படி வரும்:

```
1. லட்சத்தீவு          682551...682559
2. அந்தமான் நிக்கோபார்  744*
3. ஜவ்வாது மலை         635703
4. நகரும் சுற்றும்       606601...606604
                       604601
5. தமிழ்நாடு (மாநிலம்)
```

குறுகலானது மேலே, அகலமானது கீழே. தமிழ்நாட்டை முதலில் வைத்தால் ஜவ்வாது மலையும் நகரமும் அதற்குள் விழுந்துவிடும். அவற்றுக்கென்று எழுதிய வரிகளைத் தளம் தொடவே தொடாது. லட்சத்தீவுக்குத் தனி வரி எதற்கு என்று கேட்கலாம். அதன் எண்கள் கொச்சியின் 682 வரிசையிலேயே இருக்கின்றன. பின்னால் கேரளத்துக்கு `682*` என்று ஒரு வரி சேர்த்தால், கவரத்திக்குக் கப்பலில் போக வேண்டிய பெட்டிக்கும் எர்ணாகுளத்துக் கட்டணமே வரும்.

அனுப்பாத இடங்களுக்கு மண்டலம் வைத்து, அதில் எந்த அனுப்பும் வழியையும் சேர்க்காமல் காலியாக விடலாம். அப்போது தளம் தானாக ஒரு வாக்கியம் காட்டும். அனுப்பும் வழி எதுவும் இல்லை, முகவரியைச் சரியாக எழுதினீர்களா என்று பாருங்கள் என்பது அதன் பொருள். மலைக் கிராமத்துப் பெரியவர் முகவரியை மூன்று முறை திருத்தி எழுதுவார். முகவரியில் ஒரு தப்பும் இருக்காது. கடை வராத ஊரில் அவர் குடியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை முதலில் மாற்ற வேண்டும்.

கூரியரின் பட்டியலை நேரடியாகக் கேட்டுப் பதில் சொல்லும் தளங்களில் இன்னொரு தப்பு நடக்கிறது. கூரியரின் கணினி பதில் தரத் தாமதித்தால், தளம் அதையும் "இல்லை" என்றே காட்டிவிடும். "அனுப்ப மாட்டோம்" என்பதும் "இப்போது தெரியவில்லை" என்பதும் வேறு வேறு. நன்றாக ஆர்டர் வந்துகொண்டிருந்த ஊர்கள் ஒரே மணி நேரத்தில் பல "இல்லை" வாங்கியிருந்தால், ஊரில் கோளாறு இல்லை, இணைப்பில்தான் கோளாறு என்று புரிந்துகொள்ளலாம்.

எண்ணுக்குள் அடங்காதவை

இவ்வளவு திருத்தினாலும் 635703 என்ற எண் ஒரு மலைத்தொகுதியின் எண். ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவும், அதிலிருந்து மண் பாதையில் போக வேண்டிய குக்கிராமமும் அதற்குள்தான் வரும். கூரியர் பட்டியலில் "உண்டு" என்று இருந்தாலும், அது கடைத்தெரு வரைக்கும்தான் என்று நடைமுறையில் ஆகிவிடலாம். கிளை அஞ்சலகத்தின் கிராமிய அஞ்சல் ஊழியருக்கு அந்தக் குக்கிராமம் அன்றாடப் பாதை. அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டை ஏறக்குறைய 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து அடையாளம் தருகிறது. வீடு எங்கே என்று அது சொல்லிவிடும். அங்கே வண்டி வருமா என்பதை அதுவும் சொல்லாது.

திருவண்ணாமலைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. அனுப்பும் இடம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். பௌர்ணமி அன்றும் தீபத்தன்றும் நகருக்குள் வண்டிகள் நுழையத் தடை. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். அன்றைக்குக் கூரியர் வேன் தேரடித் தெருவுக்குள் வந்து பெட்டி எடுக்க முடியாது. போகும் ஊர் எதுவானாலும் சரி, அன்று வேலை செய்யாத பின்கோடு கடையின் சொந்த 606601. ஆனால் தளம் எல்லோருக்கும் "மூன்று நாளில் வரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதற்குக் காலண்டர்தான் தீர்வு: அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து, வந்து சேரும் தேதியைத் தள்ளிக் காட்ட வேண்டும். தீபத்துக்கு முன்பே சேர வேண்டிய பெட்டிகளுக்குக் கடைசித் தேதியும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணா நகர்ப் பெண் மறுபடியும் அதே முகவரிக்கு முயன்றால் இப்போது என்ன நடக்கும்? 635703 என்று அடித்ததும் ஜமுனாமரத்தூர் என்று பெயர் வருகிறது. மூன்றாவது மண்டலத்தில் கூரியர் இல்லை, ஸ்பீட் போஸ்ட் மட்டும் இருக்கிறது. பெட்டியில் கற்பூரம் இருப்பதால் தபாலும் முடியாது. அப்போது தளம் காட்ட வேண்டிய வாக்கியம் இது:

"உங்கள் முகவரி சரியாக இருக்கிறது. எங்கள் கூரியர் அங்கே வருவதில்லை, தபாலில் அனுப்பலாம். தபாலில் கற்பூரம் போகாது, அதன் விலையைக் கழித்துக்கொள்கிறோம். முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால், கிரிவலத்துக்கு வரும்போது கடையில் வாங்கிக்கொள்ளலாம். டெலிவரிக் கட்டணம் இல்லை."

இதோடு கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. "இல்லை" என்று பதில் போன ஒவ்வொரு எண்ணையும் தளம் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். வந்த ஆர்டர்களுக்குத்தான் கடையில் கணக்கு இருக்கும். திரும்பிப் போனவர்களுக்குக் கணக்கே இருக்காது. மாதக் கடைசியில் அந்தக் குறிப்பைப் பார்க்கும்போது, 635703 பத்து முறை வந்திருந்தால், வாரம் ஒருநாள் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஒரு மூட்டை ஏற்றிவிடுவது லாபமா என்று அப்போதுதான் கணக்குப் போட முடியும்.